உட்காருங்கள், டிசி கொடுக்கக் கூப்பிடவில்லை

வாங்க சார், வாங்கம்மா. உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மற்றது. கவின் யாரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை. ஹெச்.எம். கூப்பிடவில்லை, நான்தான் கூப்பிட்டேன். டிசி பேச்சே இல்லை. ஃபெயில் போட்டுவிடுவார்களோ என்ற பயமும் வேண்டாம். நம் மாநிலத்தில் எட்டாவது வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை, இவன் ஏழாவதுதான். ஸ்கூலிலிருந்து போன் வந்தாலே வயிற்றைக் கலக்கும், தெரியும். சார் லோடு வண்டியை அப்படியே வெளியே நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கிறீர்கள். அம்மா கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: அவனுக்குப் போர்டு சரியாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். கண்ணைக் காட்டவேண்டும். அதற்குத்தான் கூப்பிட்டேன்.

மார்க் குறைந்திருக்கிறது, மறைக்கவில்லை. காலாண்டில் கணக்கு 31. பாஸுக்கு 35 வேண்டும். போன வருஷம் எழுபதுக்குக் குறையாமல் வாங்கிய பையன். டியூஷனில் கவனக்குறைவு என்று எழுதி அனுப்பியதாகச் சொன்னான். நீங்களும் அதையேதான் நினைத்திருப்பீர்கள்.

இந்த நோட்டைப் பாருங்கள், சார். போர்டில் நான் எழுதியது 5.68 பெருக்கல் 6. இவன் எழுதியிருப்பது 5.63 பெருக்கல் 6. விடை 33.78 என்று போட்டிருக்கிறான். நான் சிவப்பு மையில் தப்பு போட்டிருக்கிறேன். ஆனால் 5.63-ஐ ஆறால் பெருக்கினால் 33.78-தானே வரும்? இங்கே பாருங்கள், 12.5 பெருக்கல் 4. புள்ளியே இல்லாமல் 125 என்று எழுதி, ஐந்நூறு என்று முடித்திருக்கிறான். கணக்குத் தெரியாதவன் இப்படித் தப்பு செய்யமாட்டான். இப்போது இந்தப் பக்கம். புத்தகத்திலிருந்து பார்த்துப் போட்டது. ஒன்பதும் சரி. புத்தகம் கைக்கருகில் இருக்கிறது, போர்டு தூரத்தில் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

காலாண்டுக் கேள்வித்தாள் அச்சடித்ததுதானே என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் பரீட்சைக்குப் படித்தது இந்த நோட்டிலிருந்து. நோட்டே தப்பாக இருந்தால் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து படித்து என்ன பயன்?

ஜூன் மாதம் உயரப்படி உட்கார வைத்தோம். லீவில் மளமளவென்று வளர்ந்து வந்திருந்தான், கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். அதிலிருந்து பக்கத்துப் பையன் நோட்டில் எட்டிப் பார்ப்பதும், அவனிடம் ஏதோ கேட்பதுமாக இருந்தான். இப்போது யோசித்தால், போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் கேட்டிருப்பான். போன திங்கட்கிழமை ஒன்றும் சொல்லாமல் முதல் பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைத்தேன். வெள்ளிக்கிழமை ஸ்லிப் டெஸ்ட், வழக்கம்போல் கேள்விகளைப் போர்டில்தான் எழுதிப்போட்டேன். இருபதுக்குப் பதினாறு. அதற்கு முந்தைய டெஸ்டில் நாலு.

நான் கண் டாக்டர் இல்லை. கண்ணாடி வேண்டும் என்றோ, பவர் இவ்வளவு என்றோ சொல்லமாட்டேன். ஆனால் இந்த வயதில் உடம்பு வளரும்போது கண்விழியும் நீண்டு கிட்டப்பார்வை வருவது சாதாரணம். பையன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கோபப்படாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக மங்கும்போது எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும்போல என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது நினைவுபடுத்திப் பாருங்கள் அம்மா, 29சி வருகிறது என்று முதலில் சொல்வது அவனா, நீங்களா?

இல்லைங்க சார், போனைப் பிடுங்கி வைப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்று ராத்திரியே அதை வைத்துச் சண்டை ஆரம்பித்தால், கண் தெரியவில்லை என்று சொன்னால் போன் போய்விடும் என்று அவன் புரிந்துகொள்வான். டாக்டரிடம் போய் எல்லா எழுத்தும் தெரிகிறது என்று சாதிப்பான்.

எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். 1819-இல் ஆரம்பித்த ஆஸ்பத்திரி. ஓ.பி. சீட்டு வாங்க வரிசை இருக்கும், அதற்குத் தயாராகப் போங்கள். கடையில் மெஷினில் பார்த்துவிட்டு அப்படியே கண்ணாடி வாங்கிவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகளின் கண் தானாகவே கிட்டத்துக்குக் குவிந்துகொள்ளும், பவர் கூடுதலாகக் காட்டலாம். அதனால்தான் டாக்டர்கள் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கிறார்கள். விட்டால் சில மணி நேரம் கிட்டத்தில் இருப்பதுகூட மங்கும், வெளிச்சம் கூசும். அன்றைக்கு ஸ்கூலும் வேண்டாம், டியூஷனும் வேண்டாம். லீவு லெட்டர்கூட வேண்டாம், என்னிடம் சொன்னால் போதும். கண்ணொளி காப்போம் திட்டத்தில் 2009 முதல் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை இலவசமாகக் கண்ணாடி கொடுக்கிறார்கள். அந்தக் குழு நம் பள்ளிக்கும் வரும். ஆனால் அரையாண்டு நெருங்குகிறது, அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

சரி, இன்னொன்று இருக்கிறது. இது உங்களுக்குப் பிடிக்காது. சார், இது உங்கள் கையெழுத்தா?

இல்லை, தெரியும். ரேங்க் கார்டில் நீங்கள் போடுவது ஒரே இழுப்பில் சுழித்து முடியும். இதில் ஒவ்வொரு எழுத்தும் முத்து முத்தாக இருக்கிறது. நாலு மார்க் வாங்கிய பேப்பரில் அவனே உங்கள் கையெழுத்தைப் போட்டிருக்கிறான். தப்புதான். நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன், ஒத்துக்கொண்டான். அப்பா அம்மாவிடம் சொல்லாமல் இருக்கமாட்டேன் என்று அவனிடமே சொல்லிவிட்டுத்தான் இப்போது உங்களிடம் சொல்கிறேன். அதனால் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிட்டிருக்கமாட்டான், அதற்கு வேறு காரணம் தேடாதீர்கள்.

கண்டியுங்கள், அது உங்கள் உரிமை. கை மட்டும் ஓங்காதீர்கள் சார், என் தாழ்மையான வேண்டுகோள். கையெழுத்தையும் மார்க்கையும் ஒன்றாகச் சேர்த்தும் திட்டாதீர்கள். ஏமாற்றியது அவன் செய்தது, அதற்கு அவன் பதில் சொல்லட்டும். நாலு மார்க் முழுக்க அவன் தப்பில்லை. ரெண்டையும் சேர்த்துத் திட்டினால் எதற்குத் திட்டு வாங்கினோம் என்றே அவனுக்குப் புரியாது.

என் பக்கத்தில் செய்யவேண்டியதைச் செய்துவிட்டேன். முதல் பெஞ்ச் அவனுக்குத்தான், உயரம் எவ்வளவு இருந்தாலும் ஓரமாக உட்கார்ந்துகொள்வான், பின்னால் யாருக்கும் மறைக்காது. மற்ற டீச்சர்களிடமும் சொல்லியிருக்கிறேன். கணக்கு நோட்டை மட்டும் முதலிலிருந்து திருத்தி எழுதவேண்டும். முதல் பருவத்துக்குச் சரியாக எழுதிய நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை அவனை அனுப்புங்கள்.

அழாதீங்கம்மா, தண்ணீர் குடியுங்கள். அவன் வெளியே குழாயடியில் நிற்கிறான், ஐந்து நிமிடம் கழித்துக் கூப்பிடுகிறேன். அதற்குள் நீங்கள் சொல்லுங்கள்: வீட்டில் டிவி பார்க்கும்போது எவ்வளவு தள்ளி உட்காருகிறான்? தலைவலி என்று எப்போதாவது சொன்னானா? உங்கள் ரெண்டு பேர் வீட்டிலும் சின்ன வயதிலேயே கண்ணாடி போட்டவர்கள் யாராவது உண்டா? டாக்டர் இதையெல்லாம் கேட்பார். ஒரு தாளில் எழுதித் தருகிறேன், எடுத்துக்கொண்டு போங்கள்.