மண்டப கார் பார்க்கிங், உள்சாலை விளக்குக் கணக்கு: சுங்கை சிப்புட்

அண்ணே, நேற்று கேட்ட கணக்கு இது. சாலைக்கு EN 13201 என்ற ஐரோப்பியச் சாலை விளக்குத் தரத்தில் உள்ள P3 வகுப்பை எடுத்திருக்கிறேன்: சராசரி 7.5 லக்ஸ், மிக இருட்டான இடத்தில் 1.5-க்குக் குறையக் கூடாது. நடுத்தரப் போக்குவரத்துள்ள பார்க்கிங்குக்கு EN 12464-2 தரம் சொல்வது சராசரி 10 லக்ஸ், சீர்மை 0.25, அதாவது மிகக் குறைந்த வெளிச்சத்தைச் சராசரியால் வகுத்தால் வருவது.

சாலை 120 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். கம்பம் ஒரு பக்கம் மட்டும், உயரம் 8 மீட்டர், கை 1 மீட்டர், விளக்கு 40 வாட் எல்இடி, 5200 லுமன். பயன்பாட்டுக் காரணி, அதாவது விளக்கின் ஒளியில் சாலையில் விழும் பங்கு, 0.35. பராமரிப்புக் காரணியை 0.8-க்கு மேல் போடவில்லை, ஏனென்றால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி கிளப்பும் தூசியும் விளக்குக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ஈசலும் வெளிச்சத்தைத் தின்றுவிடும். கம்பத்துக்குக் கம்பம் இருக்க வேண்டிய தூரம் S:

```
S = 5200 × 0.35 × 0.8 / (7.5 × 6) = 32.4 m
```

30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கம்பம், சராசரி 8.1 லக்ஸ். இரண்டு கம்பத்துக்கு நடுவில், எதிர் ஓரத்தில்தான் இருட்டு அதிகம். எந்தத் திசையில் எவ்வளவு ஒளி போகிறது என்று சொல்லும் விளக்கின் IES கோப்பு அந்தத் திசையில் 936 கேண்டெலா காட்டுகிறது:

```
E = 2 × 936 × cos³(63.2°) / 8² × 0.8 = 2.1 lx
```

சீர்மை 0.26, சரி. ஒரு கம்பத்தைக் குறைத்து 40 மீட்டருக்கு ஒன்று நடலாமே என்றீர்கள். நட்டால் சராசரி 6.1-க்கு இறங்கும், அதே ஓரம் 0.9 லக்ஸுக்கும் கீழே போகும். கம்பத்தடி பளிச்சென்று இருக்கும், நடுவில் நடப்பவர் முகம் தெரியாது. அந்த மிச்சம் வேண்டாம்.

பார்க்கிங் 40 × 30 மீட்டர். நடுக்கோட்டில் மூன்று கம்பம், ஒவ்வொன்றிலும் இரட்டைக் கை, தலைக்கு 60 வாட், 7800 லுமன். இங்கேதான் உயரம் விளையாடுகிறது. 8 மீட்டரில் சராசரி 14 லக்ஸ், ஆனால் மூலையில் 3.1 மட்டும், சீர்மை 0.22, தேறாது. 10 மீட்டருக்கு ஏற்றினால் கொஞ்சம் ஒளி எல்லைக்கு வெளியே சிதறி சராசரி 13.1 ஆகும், மூலை மட்டும் 3.6-க்கு ஏறும். சீர்மை 0.27. வாட் ஏற்றுவதால் இந்தப் பலன் வராது, சராசரியும் மூலையும் சேர்ந்தே ஏறும், விகிதம் அப்படியே நிற்கும்.

எனவே பார்க்கிங்குக்கு 10 மீட்டர், சாலைக்கு 8 மீட்டர். சாலையில் மூன்றாவது கம்பத்துக்குப் பக்கத்தில் செம்பனை மட்டை தொங்குகிறது, நடுவதற்கு முன் தோட்டத்தில் சொல்லி வெட்டிவிடுங்கள், இந்தக் கணக்கில் மட்டையின் நிழல் சேரவில்லை. அப்புறம், கடைக்காரர் வேறு பிராண்ட் விளக்கு தந்தால் வாட் ஒன்றுதானே என்று வாங்கிவிட வேண்டாம், அதன் IES கோப்பை எனக்கு அனுப்புங்கள், மூலைக் கணக்கை மறுபடி போட வேண்டும்.