நேத்து ராத்திரிப் பதிவு, மாற்றி எழுதியது

தம்பி, கோபம் நியாயம்தான். 12 ரன்னில் தோற்றால் யாருக்கும் தூக்கம் வராது. ஆனா நீ அனுப்பின வரைவை அப்படியே போட வேண்டாம். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"கேட்ச் பிடிக்கத் துப்பில்லாதவனை எதுக்கு டீம்ல வச்சிருக்கீங்க? எவ்வளவு காசு வாங்கினான்? மிடில் ஆர்டர் முழுக்க தண்டம். குடும்பத்தோட ஊர் சுத்தத்தான் லாயக்கு."

நாலு வரியில் ஆட்டமே இல்லை. எந்த ஓவர், எத்தனை ரன், எங்கே கைவிட்டுப் போச்சு, ஒண்ணும் இல்லை. "காசு வாங்கினான்" என்பது திட்டு இல்லை, குற்றச்சாட்டு. கையில் ஆதாரம் இல்லாமல் அதை எழுதவே கூடாது. குடும்பம் மைதானத்தில் இறங்கவே இல்லை, அந்த வரி முழுசா போகட்டும். அந்த ஃபீல்டரை டேக் பண்ணியிருந்தே பாரு, அதையும் எடுத்துட்டேன். டேக் பண்ணினா அது அவர் போனுக்கே போகும், அதே ராத்திரி ஆயிரம் பேர் அனுப்புறதோட சேர்ந்து.

ஸ்கோர்கார்டை வச்சு உட்கார்ந்து எழுதினேன். கிண்டல் எல்லாம் பந்து மேலயும் கணக்கு மேலயும் இருக்கு, ஆள் மேல ஒண்ணும் இல்லை. கீழே இருப்பதை அப்படியே போட்டுக்கலாம்:

---

20 ஓவர் ஆட்டத்துக்கு 21.5 ஓவர் போட்ட வள்ளல்கள்

முல்லைக்குத் தேர் கொடுத்தான் பாரி. நேத்து நாம எதிரணிக்கு 9 வைடு, 2 நோ பால் கொடுத்தோம். 11 பந்து கூடுதல். அதாவது 20 ஓவர் ஆட்டத்தில் நாம வீசினது 21 ஓவர் 5 பந்து. பாரி கூட ஒரு தேரோடு நிறுத்திக்கிட்டான்.

கணக்கு இதோ: வைடு 9, நோ பால் 2, அந்த இரண்டு ஃப்ரீ ஹிட்டில் ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். மொத்தம் 21. எதிரணி 171. அந்த 21 இல்லைன்னா 150. நாம அடிச்சது 159. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இந்தக் கழித்தல் கணக்கைத்தான் போட்டுக்கிட்டு இருந்தேன், ஒவ்வொரு தடவையும் சரியாவே வருது.

15-வது ஓவர், லாங் ஆன். விளக்கு வெளிச்சத்துக்கு நேர் மேலே எழும்பி வந்த பந்து, உள்ளங்கையைத் தொட்டுக் கும்பிட்டுட்டு வெளியே நடந்துடுச்சு. அப்போ பேட்ஸ்மேன் 14. கடைசியில் 61 நாட் அவுட். ஒரு பந்தின் எடை 160 கிராம்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். நேத்து அது 47 ரன் எடை.

சேஸிங்ல பவர்பிளே அருமை: 6 ஓவரில் 54, ஒரே விக்கெட். 84 பந்தில் 118 வேணும், ஓவருக்கு 8.43. மாத தவணை மாதிரி கட்டிடலாம். அங்கேதான் 7 முதல் 15 வரை மௌன விரதம் தொடங்கிச்சு. 54 பந்தில் 24 டாட் பால், முழுசா நாலு ஓவர் பேச்சே இல்லை. 51 ரன், 4 விக்கெட். ஃபீல்டர்கள் அஞ்சு பேர் எல்லைக்கோட்டில் நிக்கிற நேரம் அது. இடைவெளியில் தட்டி ஒண்ணு, ரெண்டு ஓடியிருக்கணும். நாம ஃபோருக்காகக் காத்திருந்தோம், பஸ் ஸ்டாப்ல நிக்கிற மாதிரி. விரதம் முடிஞ்சப்போ 30 பந்தில் 67. ஓவருக்கு 13.4. தவணை கந்துவட்டி ஆயிடுச்சு.

அதுக்கப்புறம் எட்டாவது ஆளா வந்தவர் 14 பந்தில் 31. ஊரே படுத்த பிறகு தீயணைக்க வந்த மனுஷன். இடுப்பு உயர ஃபுல் டாஸையும் விடலை, நல்லா விழுந்த யார்க்கரையும் தேர்ட் மேனுக்குத் தட்டினார். அவரை ஆறாவதா அனுப்பிப் பாருங்க, நாங்க உட்கார்ந்து பார்க்கிறோம்.

கேட்ச் விட்டவருக்கு: முதல் ஓவர்லயே டைவ் அடிச்சு ரெண்டு ஃபோரை ஒண்ணொண்ணா சுருக்கினது நீங்கதான், அதையும் எண்ணி வச்சிருக்கோம். சனிக்கிழமை அதே லாங் ஆன்ல நில்லுங்க. ஜெர்சி துவைச்சுக் காயப்போட்டாச்சு.

---

மீம் படம் சேர்க்கிறதா இருந்தா ஸ்கோர்போர்டு படம் போடு, கைவிட்ட அந்த நொடியில் அவர் முகம் இருக்கிற படம் வேண்டாம். கமெண்ட்ல யாராவது "காசு"ன்னு ஆரம்பிச்சா "15-வது ஓவர், 47 ரன்"னு மட்டும் பதில் போடு. பேச்சு ஆட்டத்துக்குத் திரும்பிடும்.