சட்டப் பிரிவையும் தீர்ப்பையும் பயமில்லாமல் படிக்க

சேலம்

அன்புள்ள காவியா,

"ஒரு பிரிவைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள தொடக்கம் மறந்துடுது மேடம்" என்று நேற்று சொன்னாய். ஏற்காடு பஸ்ஸுக்கு நீ ஓட வேண்டியிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 303(1) பிரிவை எடுத்துக்கொள். திருட்டு என்றால் என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்கிறது. அதை ஒரே மூச்சில் படிக்காதே. பென்சிலால் வெட்டி வெட்டிப் பிரி: நேர்மையற்ற எண்ணம், அசையும் பொருள், இன்னொருவர் வசம் இருப்பது, அவர் சம்மதம் இல்லாதது, எடுப்பதற்காக நகர்த்துவது. இதில் ஒன்று குறைந்தாலும் திருட்டு இல்லை.

அப்புறம் கீழே உள்ள விளக்கங்களுக்கும் எடுத்துக்காட்டுகளுக்கும் போ. பலர் இவற்றைத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. உங்கள் ஊர் எஸ்டேட்டில் நிற்கும் சில்வர் ஓக் மரம் மண்ணோடு இருக்கும்வரை அசையும் பொருள் அல்ல. எடுத்துப்போகும் எண்ணத்தோடு ஒருவன் அதை வெட்டிப் பிரித்த கணமே அது திருட்டு. லாரியில் ஏற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்னொன்று: பழுது பார்த்த கூலிக்காகக் கடைக்காரர் முறைப்படி பிடித்து வைத்திருக்கும் உன் சொந்தக் கடிகாரத்தையே, அவருக்கு அந்தப் பிடிமானம் இல்லாமல் போகட்டும் என்று நீ எடுத்து வந்தாலும் திருட்டுதான். பிரிவை மறுபடி பார். 'உரிமையாளர்' என்ற சொல்லே அதில் இல்லை, 'வசம்' என்றுதான் இருக்கிறது.

தீர்ப்புக்கு வருவோம். கேசவானந்த பாரதி வழக்கை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாயாமே! 13 நீதிபதிகள், 7-க்கு 6 என்று பிரிந்த 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அது. இப்போது மூடி வை. நம் ஊர்ப் பெயரிலேயே ஒன்று இருக்கிறது: சேலம் வழக்கறிஞர் சங்கம் எதிர் இந்திய ஒன்றியம், உச்ச நீதிமன்றம், 2005. உரிமையியல் நடைமுறைச் சட்டத் திருத்தங்கள் பற்றியது. அதிலும் எல்லாவற்றையும் படிக்காதே. எதிர்வாதி பதிலுரை தாக்கல் செய்ய அதிகபட்சம் 90 நாள் என்று இருந்ததே, அந்தப் பகுதியை மட்டும் தேடு. அதைத் தாண்டினால் நீதிமன்றத்தின் கை கட்டப்பட்டுவிடுமா என்பதுதான் கேள்வி. இல்லை, மிக அரிதான நிலையில் நேரம் தரலாம் என்பது பதில். அந்தப் பதிலுக்கு நீதிபதிகள் சொன்ன காரணத்தை உன் சொந்த வாக்கியத்தில் நான்கு வரி எழுது. வக்கீல்கள் வாதிட்டதை நீதிமன்றம் சொன்னதாக எழுதிவிடாதே; முதலாண்டில் பெரும்பாலான குழப்பம் அங்கேதான் வருகிறது. தீர்ப்புக்கு மேலே அச்சிட்டிருக்கும் சுருக்கமான ஹெட்நோட் வழிகாட்ட மட்டுமே, அது தீர்ப்பின் பகுதி அல்ல.

புரியாத சொல் வந்தால் ஓரத்தில் குறித்துவிட்டு மேலே போ. வியாழக்கிழமை மதியம் அந்த நான்கு வரியோடு ஸ்டாஃப் ரூமுக்கு வா, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
செந்தாமரை
விரிவுரையாளர்