சிறு உணவகம் தொடங்க ரூ. 8,00,000 கடன் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
மு. செல்வராணி,
கோவைச் சாலை, கரூர்.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
கரூர் கிளை.

நாள்: 12.06.2025

பொருள்: முத்ரா திட்டத்தின் தருண் பிரிவில் உணவகத்திற்குக் கடன் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

கோவைச் சாலையில் 2019 முதல் மாலை நேர டிபன் கடை நடத்தி வருகிறேன். தங்கள் கிளையில்தான் கடையின் கணக்கும் உள்ளது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் அருகிலுள்ள துணி ஏற்றுமதி நிறுவனங்களில் தையலும் பேக்கிங்கும் செய்பவர்கள். காலை ஷிப்டுக்கு முன் சாப்பிட இடமில்லை என்று அவர்கள் பலமுறை சொன்னதால், அதே சாலையில் 28 பேர் அமரக்கூடிய சைவ உணவகமாகக் கடையை விரிவாக்க முடிவு செய்து, ஐந்தாண்டு வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்துள்ளேன்.

திட்டத்தின் மொத்தச் செலவு ரூ. 10,50,000. அடுப்பு, இட்லிக் கொப்பரை, தோசைக்கல், கிரைண்டர், புகைபோக்கி ஆகியவற்றுக்கு ரூ. 3,60,000, குளிர்சாதனப் பெட்டிக்கு ரூ. 85,000, மின் இணைப்பு, தண்ணீர்க் குழாய், தரை வேலைகளுக்கு ரூ. 2,40,000, மேசை நாற்காலி, பாத்திரங்களுக்கு ரூ. 1,10,000, கடை முன்பணம் ரூ. 1,50,000, நடைமுறை மூலதனம் ரூ. 1,05,000 ஆகும். இதில் முன்பணத்தை நானே செலுத்திவிட்டேன். மேலும் ரூ. 1,00,000 என் சேமிப்புக் கணக்கில் உள்ளது. எஞ்சிய ரூ. 8,00,000-ஐயே கடனாகக் கேட்கிறேன். உபகரணத் தொகையை என்னிடம் தராமல் விற்பனையாளர்களுக்கே நேரடியாக அனுப்புமாறு வேண்டுகிறேன்.

விற்பனைக் கணிப்பை நான் ஊகமாகப் போடவில்லை. கடந்த 12 மாதங்களில் மாலை விற்பனை நாளொன்றுக்குச் சராசரியாக ரூ. 5,200 என்பதைத் தினசரிப் பற்றேடும் கணக்கு அறிக்கையும் காட்டும். காலையில் 95 பேர், தலைக்கு ரூ. 40 எனக் கொண்டால் ரூ. 3,800 சேர்ந்து, முதல் மூன்று மாதங்களுக்கு நாள் விற்பனை ரூ. 9,000 ஆகிறது. நான்காம் மாதத்தில் தலா ரூ. 100 விலையில் 25 மதியச் சாப்பாடு தொடங்கும்போது இது ரூ. 11,500 ஆகும். ஞாயிறு விடுமுறை என்பதால் மாதத்துக்கு 26 நாள் மட்டுமே கணக்கிட்டுள்ளேன்; சரக்கு சேவை வரி இத்தொகைகளில் சேரவில்லை.

நான்காம் மாதம் முதல் மாத விற்பனை ரூ. 2,99,000. மளிகை, காய்கறி, பாலுக்கு ரூ. 1,25,600, வணிக சிலிண்டருக்கு ரூ. 23,000, மாஸ்டர், மூன்று பணியாளர்கள், பகுதி நேர உதவியாளர் ஆகியோரின் கூலிக்கு ரூ. 66,000, வாடகைக்கு ரூ. 15,000, மின்சாரத்துக்கு ரூ. 9,500, பார்சல் பொருள், பராமரிப்புக்கு ரூ. 11,000 என ரூ. 2,50,100 செலவாகி, ரூ. 48,900 மிஞ்சும். முதல் மூன்று மாதங்களில் மிஞ்சுவது ரூ. 27,000 மட்டுமே.

ஆகவே அந்த மூன்று மாதங்களுக்கு அசலின்றி வட்டியை மட்டும் கட்ட அனுமதி கோருகிறேன். ஆண்டு வட்டி 11 சதவீதம் எனக் கொண்டால் அது மாதம் ரூ. 7,333. பின்னர் 60 தவணைகளில், மாதம் ரூ. 17,394 செலுத்துவேன். வீட்டுச் செலவுக்கு ரூ. 18,000 எடுத்த பிறகும் மாதம் ரூ. 13,506 கையில் இருக்கும். அதில் ரூ. 6,000-ஐ ஒன்பது மாதம் தொடர் வைப்பில் போட்டால் ரூ. 54,000 சேர்ந்து, மூன்று தவணைகளுக்குப் போதுமான காப்புத் தொகையாகும்.

இத்தொழிலின் பலவீனத்தையும் மறைக்க விரும்பவில்லை. ஏற்றுமதி ஆர்டர் குறைந்தால் ஷிப்ட் குறையும். தீபாவளி, பொங்கல் வாரங்களில் நிறுவனங்கள் மூடியிருக்கும். நாள் விற்பனை ரூ. 10,000-ஆகச் சரிந்தால் ரூ. 29,800தான் மிஞ்சும். அப்போதும் தவணை முழுமையாகக் கட்டப்படும். குறைவது என் வீட்டுச் செலவாக இருக்கும். மேலும், 2021-ஆம் ஆண்டு ஊரடங்கில் கடை மூடியிருந்தபோது இருசக்கர வாகனக் கடனில் இரண்டு தவணைகள் தாமதமாயின. அதை 2023-இல் முழுமையாக அடைத்துப் பெற்ற நிலுவையின்மைச் சான்றை இணைத்துள்ளேன்.

ஆதார், பான் அட்டை நகல்கள், உத்யம் பதிவு, தற்போதைய கடையின் உணவுப் பாதுகாப்புப் பதிவு, புதிய இடத்துக்கான உரிம விண்ணப்பத்தின் ரசீது, மாநகராட்சி தொழில் உரிம விண்ணப்பத்தின் ரசீது, வாடகை ஒப்பந்தம், 12 மாதக் கணக்கு அறிக்கை, இரண்டாண்டு வருமான வரிப் படிவங்கள், உபகரணங்களின் விலைப்புள்ளிகள், மாதவாரிக் கணிப்பு அட்டவணை ஆகியவை இத்துடன் உள்ளன. வாங்கும் உபகரணங்களை வங்கியின் பேரில் ஈடாக எழுதித் தரவும் அவற்றுக்குக் காப்பீடு எடுக்கவும் சம்மதிக்கிறேன்.

தாங்களோ தங்கள் அலுவலரோ மாலை 5 மணிக்கு மேல் கடைக்கு வந்தால், விற்பனையையும் பற்றேட்டையும் நேரில் சரிபார்க்கலாம். புதிய இடத்தையும் அன்றே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. செல்வராணி