பாப்பாவின் சடங்குப் படங்கள் தாமதமானது பற்றி

ஹட்டன்
2025 ஜூலை 2

அன்புள்ள ரவி அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

முதலில் ஒரு பொய்யைத் திருத்திக்கொள்கிறேன். போன வாரம் நீங்கள் போன் எடுத்தபோது, "ஆல்பம் லேபில் இருக்கிறது அண்ணே, கொஞ்சம் நெருக்கடி" என்றேன். ஆல்பம் லேபுக்குப் போகவே இல்லை. அன்றைக்கே உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். அண்ணியின் குரல் பக்கத்தில் கேட்டதும் வாய் வரவில்லை. போனில் சொன்னால் மறுபடியும் மழுப்பிவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

ஜூன் 8ஆம் திகதி இரண்டு கார்ட்டில் படம் எடுத்தேன். காலையில் குச்சுக்குள் எடுத்தது, மஞ்சள் நீராட்டு, பாப்பா புடவை மாற்றி வந்தது எல்லாம் முதல் கார்ட்டில். அது பத்திரமாக இருக்கிறது. மாமன் சீர் தப்போடு மண்டபத்துக்குள் வந்ததிலிருந்து முடிவு வரைக்கும் இரண்டாவது கார்ட். பழுதானது அதுதான்.

அன்றைய மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சீர்த்தட்டுகள் வந்தபோது நான் வாசலில் குடைக்கு அடியில் நின்றேன். முடியும் நேரத்தில், மேடையில் குடும்பப் படம் எடுத்த கையோடு பெட்டரி தீர்ந்தது. உடனே மூடியைத் திறந்து மாற்றினேன். கெமராவில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. அது எரியும்போது படங்கள் கார்ட்டில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும், அணைந்த பிறகுதான் மூடியைத் தொட வேண்டும். பதினோரு வருசமாக இந்த வேலை செய்கிறேன், பழகவரும் பையன்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது. அன்றைக்கு அவசரத்தில் விளக்கைப் பார்க்கவில்லை. கார்ட் கெட்டதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மழை மேல் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை.

இரவு பத்து மணிக்கு வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டபோது வந்தது இந்த வரி:

You need to format the disk in drive E: before you can use it.

கார்ட்டை அழித்துப் புதிதாக்கினால்தான் பாவிக்கலாம் என்று கேட்கிறது. அந்த இடத்தில் அவசரப்பட்டு 'சரி' என்று அமுக்காமல் இருந்தது ஒன்றுதான் அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்தது. கார்ட்டின் பக்கத்தில் இருக்கும் சின்னப் பூட்டைத் தள்ளி, அதில் புதிதாக எதுவும் பதியாதபடி செய்துவிட்டு எடுத்து வைத்தேன்.

இப்படிக் கெடும்போது பெரும்பாலும் படங்கள் அழிவதில்லை. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் குலைந்துபோகும். தோட்டத்து ஆபீசில் பெயர் இடாப்பு கிழிந்துபோனாலும் ஆட்கள் லயத்தில் இருப்பார்கள் இல்லையா, அது மாதிரி. ஆனால் ஒவ்வொரு வீடாகப் போய்த் தேட வேண்டும். கண்டியில் கம்ப்யூட்டர் திருத்தும் நண்பர் ஒருவரிடம் கார்ட்டைக் கொண்டுபோனேன். அவர் முதலில் முழுக் கார்ட்டையும் அப்படியே ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் PhotoRec என்ற மென்பொருளை ஓடவிட்டார். படங்கள் வந்தன. ஆனால் பெயரும் இல்லை, வரிசையும் இல்லை. f0218496.jpg என்று வெறும் இலக்கங்கள். மாமன் மாலை போடுவதற்குப் பக்கத்தில் பந்தியில் பாயசம் ஊற்றும் படம். நல்ல வேளையாக எடுத்த நேரம் ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிந்திருக்கும், அதை வைத்து வரிசைப்படுத்தினேன். திரும்பத் திரும்பத் தேடியது, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தது, கண்டிக்கு மூன்று தடவை பஸ் ஏறியது என்று மூன்று வாரம் போய்விட்டது.

கணக்கு இதுதான். அந்தக் கார்ட்டில் எடுத்தது 612. முழுதாக மீண்டது 538. மாமன் சீர் முழுவதும் அதில் இருக்கிறது, 21 தட்டும், தப்படிக்கிற சின்னப் பையனும்.

இன்னும் 41 படங்கள் சின்ன அளவில் மட்டும் கிடைத்தன. பெரிய படம் கெட்டுப்போனாலும் கெமராவின் திரையில் காட்டுவதற்காக உள்ளே ஒரு சின்னப் படம் சேர்ந்தே இருக்கும், அதை எடுத்தோம். அகலம் 1616, உயரம் 1080 புள்ளிகள். 6க்கு 4 அங்குலத்தில் நன்றாக வரும். ஆல்பத்தில் முழுப் பக்கத்துக்குப் பெரிதாக்கினால் கலங்கிவிடும். அப்பாயி பாப்பாவுக்குத் திருநீறு பூசுகிற படம் இந்த 41இல் ஒன்று. அண்ணி அன்றைக்கே "இதைப் பெரிதாகப் போட வேண்டும்" என்று சொன்னது மறக்கவில்லை. பெரிதாகப் போட முடியாது அண்ணி. சின்னதாக, சுற்றிலும் வெள்ளை விட்டு ஒரு பக்கத்தின் நடுவில் வைத்திருக்கிறேன். எனக்கு அப்படித்தான் அழகாகத் தெரிகிறது, நீங்களும் பார்த்துச் சொல்லுங்கள்.

போனது 33. எல்லாம் கடைசிக் கால் மணி நேரத்தில் எடுத்தவை. மொய் வைத்த உறவுக்காரர்களில் கடைசிச் சிலர், பிறகு மேடையில் எல்லோரும் நின்ற குடும்பப் படம். அதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தப் படத்துக்காகத் தம்பி கட்டாரிலிருந்து வந்து நின்றார் என்று தெரியும். அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

தம்பி 15ஆம் திகதி திரும்புகிறார் என்று சொன்னீர்கள். வருகிற ஞாயிறு, 6ஆம் திகதி காலையில் நான் டிக்கோயாவுக்கு வருகிறேன். பாப்பாவுக்கு அதே பட்டுப் புடவையைக் கட்டிவிடுங்கள், வீட்டு வாசலில் எல்லோரையும் நிறுத்தி எடுப்போம். மண்டபத்து மேடை மாதிரி இருக்காது, தெரியும். பண்டாரவளை மாமாவுக்கு அன்றைக்கு வர வசதிப்படாது என்றால் வேறு நாள் சொல்லுங்கள், 15க்கு முன் எந்த நாளானாலும் வருவேன். இதற்குக் காசு இல்லை.

இன்னொரு உதவி வேண்டும். மேடைக்கு முன்னால் நின்று போனில் படம் எடுத்தவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். அது சிரமம் என்றால் போன்களை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், நானே வயர் போட்டு எடுத்துக்கொள்கிறேன்.

மீண்ட படங்கள் எல்லாம், அந்தச் சின்ன 41உம் சேர்த்து, ஒரு பென் டிரைவில் போட்டு வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ்ஸில் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆல்பம் ஜூலை 19, சனிக்கிழமை உங்கள் கையில் இருக்கும். ஞாயிறு எடுக்கிற குடும்பப் படத்தைச் சேர்க்க வேண்டும் என்பதால்தான் அதற்கு முன்னால் முடியாது.

காசு விசயம். பேசியது 85,000 ரூபாய், நீங்கள் தந்த அட்வான்ஸ் 40,000. மிச்சம் 45,000இல் 20,000ஐக் கழித்துக்கொள்ளுங்கள், 25,000 ஆல்பத்தைப் பார்த்த பிறகு தந்தால் போதும். கண்டியில் ஆன செலவு என்னுடையது. குறைத்தது போதாது என்று தோன்றினால் ஞாயிறு நேரில் சொல்லுங்கள், மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய கெமராவில் ஒரு கார்ட்தான் போடலாம். ஒரே நேரத்தில் இரண்டு கார்ட்டில் பதிகிற கெமரா ஒன்றை அடுத்த மாதம் தவணைக்கு எடுக்கிறேன். உங்களுக்கு அதனால் இப்போது பிரயோசனம் இல்லைதான்.

அப்பாயியிடம் 33 படம் போனதை நீங்கள் சொல்ல வேண்டாம் அண்ணே. ஞாயிறு வரும்போது நானே சொல்கிறேன். ஏச்சு விழும், வாங்கிக்கொள்கிறேன். காலை ஒன்பதரைக்கு வந்துவிடுவேன்.

அன்புடன்,
சிவா