பாடக் குறிப்பு 4: போரில் யாரைத் தொடக்கூடாது?

(அறமும் அரசியலும், முதல் பருவம். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு பக்கத்திலிருந்து வரும் தமிழ்வழி மாணவர்களுக்கு)

போருக்குப் போகலாமா என்பது ஒரு கேள்வி. போன பிறகு எப்படி நடந்துகொள்வது என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு 13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் மூன்று நிபந்தனைகள் சொன்னார்: உரிமையுள்ள ஆட்சி, தகுந்த காரணம், நேர்மையான நோக்கம். வேறு வழியே இல்லாதபோதுதான் போர் என்பதைப் பின்வந்தவர்கள் சேர்த்தார்கள். இன்று நமக்கு இரண்டாவது கேள்வி. காரணம் நியாயமானது என்பதால் எதையும் செய்யலாம் என்று ஆகிவிடாது.

புறநானூற்றின் 9ஆம் பாட்டில் நெட்டிமையார் என்ற புலவர் பாண்டிய மன்னன் முதுகுடுமிப் பெருவழுதியைப் புகழ்கிறார். பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளை பெறாதவர்கள் ஆகியோருக்கு அவன் முன்பே அறிவிக்கிறானாம்: "எம் அம்பு கடி விடுதும், நும் அரண் சேர்மின்." அதாவது, அம்புகளை விரைந்து விடப்போகிறோம், உங்களுக்குக் காவலான இடத்துக்குப் போய்விடுங்கள். தாக்குமுன் எச்சரிப்பது இன்றைய சட்டத்திலும் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் உழவர் இல்லை. 15ஆம் பாட்டில் அதே புலவர், அதே மன்னன் பகைவரின் விளைவயலில் குதிரைகளையும் தேரையும் ஓட்டியதைப் பாராட்டுகிறார். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். எச்சரித்துவிட்டோம் என்பதோடு கடமை தீராது. ஊரைவிட்டுப் போக முடியாமல் தங்கியவரும் பொதுமக்கள்தான்.

அடுத்தது அளவுப் பொருத்தம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். இரு பக்கத்துப் பிணங்களை எண்ணி ஒப்பிடுவதல்ல இது. போர் நடத்தை பற்றிய ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977ஆம் ஆண்டில் சேர்த்த முதலாம் கூடுதல் நெறிமுறை கேட்பது வேறு: இந்த ஒரு தாக்குதலால் கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் திட்டவட்டமான, நேரடியான ராணுவப் பயனைவிட, பொதுமக்களுக்கு வரக்கூடிய கேடு மிஞ்சிப் போகுமா? தாக்குமுன், அப்போது தெரிந்த தகவலை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். இலக்கு ராணுவ இலக்காக இருந்தால்தான் இந்தக் கேள்வியே எழும். பொதுமக்களையே குறிவைத்தால் எந்தப் பயனும் அதை நியாயப்படுத்தாது.

1943 மே மாதம் பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மனியின் மோனே அணையை உடைத்தன. நோக்கம் ஆயுதத் தொழிற்சாலைகளை முடக்குவது. வெள்ளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜெர்மனி கட்டாய வேலைக்குக் கொண்டுவந்திருந்த வெளிநாட்டவர் அதில் ஏராளம். மலம்புழை அணைக்குக் கீழே எத்தனை ஊர்கள் என்று நமக்குத் தெரியும். ஆகவே இதை வெறும் கணக்காகப் பார்க்க நம்மால் முடியாது. அணைகளுக்கு அந்த நெறிமுறையின் 56ஆம் பிரிவு தனிப் பாதுகாப்பு தருகிறது. இந்தியா அதில் சேரவில்லை. ஆனாலும் பொதுமக்களைப் போர்வீரரிடமிருந்து பிரித்துப் பார்ப்பதும் அளவுப் பொருத்தமும், நாடுகள் கடமையாக ஏற்று நடந்துவருவதால் உருவான வழக்காற்றுச் சட்டமாக எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்துகின்றன.

வரும் வகுப்புக்கு ஒரு பக்கம் எழுதி வாருங்கள்: ஒரு மின்நிலையம் ராணுவ ராடாருக்கும், பக்கத்து மருத்துவமனைக்கும், குடிநீர் பம்புக்கும் மின்சாரம் தருகிறது. தாக்கினால் ராடார் இரண்டு நாள் நிற்கும். பம்பு மறுபடி ஓட இரண்டு மாதம் ஆகும். தளபதி முதலில் எதை விசாரிக்க வேண்டும்? ராடாரை மட்டும் நிறுத்த வேறு வழி இருந்து, அதில் தன் வீரர்களுக்கு ஆபத்து கூடினால், அவர் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? ஏன்?