திருவிழாக் குழுவுக்கு: நேற்று நீக்கிய செய்திக்குப் பதிலாக

எல்லாருக்கும் வணக்கம்.

நேற்று இரவு பத்தரைக்கு இங்கே ஒரு செய்தி போட்டு, காலையில் நீக்கிவிட்டேன். பாதிப் பேர் படித்திருப்பீர்கள். மூத்தவர்களில் சிலரும் இளையவர்களில் சிலரும் என்னிடம் தனியாகப் பேசினார்கள், இரண்டு பக்கமும் சொன்னது ஒன்றேதான்: "எங்களைத்தானே சொல்கிறாய்?" யாரையும் சொல்லவில்லை, ஆனால் எழுதிய விதம் அப்படி இருந்தது. "இளைஞர்கள் பொறுப்பாக இருக்கவும்" என்றும், "போன் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளவும்" என்றும் எழுதியிருந்தேன். இரண்டு வரியுமே தப்பு. மன்னிக்கவும். ஆனால் விஷயம் அவசரமானது, சனிக்கிழமை திருவிழா, அதனால் திரும்ப ஒழுங்காக எழுதுகிறேன். தமிழில் வாசிப்பதைவிடக் கேட்பது வசதி என்றாலும், வண்டி ஓட்டிக்கொண்டு இருந்தாலும் கேட்கலாம் என்று இதையே குரல் பதிவாகக் கீழே போடுகிறேன்.

முதலில் ரசீது. இந்த வருஷம் 25 ரசீதுப் புத்தகம் வெளியே போனது, 16 திரும்பி வந்திருக்கிறது. மீதி ஒன்பதில் ஒன்று என்னிடமே இருக்கிறது. இன்னும் 12 தாள் எழுதாமல் கிடக்கிறதே, நிரம்பட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்று நான் வைத்திருந்தேன். மற்ற எட்டும் அதே காரணத்தால்தான் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் கமிட்டியில் பேசி முடிவு செய்தது இதுதான்: நிரம்ப வேண்டாம், எழுதியவரை போதும், புத்தகத்தை அப்படியே கொடுத்துவிடலாம். எழுதாத தாளுக்கு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை, பொருளாளர் அதன் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்து வைத்துவிடுவார்.

இவ்வளவு கறாராகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் கோயில் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிவானது. ஆண்டுக் கூட்டம் நடந்த 60 நாளுக்குள் வரவு செலவுக் கணக்கோடு சங்கப் பதிவு இலாகாவுக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். அடிக்கட்டையும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் தணிக்கையாளர் கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது. போன வருஷம் ஒரு அடிக்கட்டை மழையில் நனைந்து, 50 வெள்ளியில் இருந்த சைபர் கரைந்து வெறும் 5 என்று நின்றது. மூன்று பேர் டார்ச் அடித்துப் பார்த்தோம். கொடுத்தவர் யார், எந்த லயம், அன்றைக்கு என்ன சொல்லிக் கொடுத்தார் என்பதெல்லாம் வசூல் செய்த அம்மாவுக்கு அப்படியே நினைவில் இருந்ததால் அன்று தப்பித்தோம். அந்த நினைவுதான் இத்தனை வருஷம் இந்தக் கோயில் கணக்கைக் காப்பாற்றியது. இப்போது கூடவே ஒரு தாளும் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கொடுக்கும் முறை இரண்டு. புதன் இரவு 7 முதல் 9 வரை மண்டபத்தில் பொருளாளரும் நானும் இருப்போம், புத்தகத்தையும் ரொக்கத்தையும் அங்கே கொடுத்து, எண்ணிப் பார்த்து, எங்கள் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். வர முடியாதென்றால் இந்தக் குழுவில் 'வீடு' என்று ஒரு வார்த்தை போடுங்கள், வியாழக்கிழமை இரண்டு பேராக நாங்களே வீட்டுக்கு வருகிறோம். காடி இல்லை, வேலை மாற்று நேரம், முழங்கால் வலி, எதுவாக இருந்தாலும் காரணம் எழுத வேண்டாம். டூயிட்நவ் வழியாக வந்த பணத்துக்கும் ரசீது எழுத வேண்டும். பணம் வங்கியில் ஏறிவிட்டதே என்று அதை விட்டுவிட்டால் கணக்கு இரண்டு இடத்தில் இரண்டு தொகை காட்டும். என் புத்தகத்திலேயே அப்படி மூன்று விட்டுப்போயிருந்தது, நேற்றுதான் எழுதி முடித்தேன்.

அடுத்தது சமையல். அன்னதானம் 600 பேருக்கு, அரிசி ஏழு பை வந்துவிட்டது. நேற்று நான் "சோறு முன்கூட்டியே வடிக்கக் கூடாது" என்று மொட்டையாக எழுதியது, நாற்பது வருஷமாக அண்டா கிளறுகிறவர்களுக்கு நான் சமையல் சொல்லித் தருவதுபோல் இருந்தது. அப்படி இல்லை. சமையலில் குறை எதுவும் இல்லை, மாறியது பூசை நேரம். முன்பெல்லாம் 11 மணிக்குத் தீபாராதனை முடிந்துவிடும், காலை ஆறரைக்கு வடித்த சோறு சரியான நேரத்தில் இலைக்குப் போனது. இப்போது பால்குடம் ஆற்றங்கரையிலிருந்து வந்து சேரவே பன்னிரண்டு ஆகிறது, பந்தி ஒன்றரைக்கு. ஆறரையிலிருந்து ஒன்றரை என்றால் ஏழு மணி நேரம். சமைத்த உணவை 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று சுகாதார அமைச்சு சொல்கிறது, நம் வெயிலில் மூடிய அண்டாவுக்குள் இருக்கும் சோறு அதற்கு மேல் தாங்காது. தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பு இன்னும் சீக்கிரம் கெடும்.

இதற்கு வழி சொன்னதும் சமையல் கட்டிலிருந்துதான். முதல் நாலு பை பத்தரைக்கு வடிப்பது, மீதி மூன்று பை பால்குடம் வாசலுக்கு வந்ததும் ஏற்றுவது. முதல் சோறு வடிந்ததும் அண்டாவில் அமுக்கி வைக்காமல், கழுவிக் காயவைத்த பெரிய தட்டுகளில் வாழை இலை விரித்துப் பரப்பி ஆவி போக விடுவது. கூடுதலாக ஒரு அடுப்பும் ஒரு கேஸ் தோம்பும் வேண்டும், யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பரிமாறும் முன் ஒவ்வொரு பாத்திரத்தையும் பார்த்து, முகர்ந்து, சுவைத்துச் சரி என்று சொல்ல ஒருவர் வேண்டும், அது தலைமைச் சமையல்காரர் பொறுப்பு. அவர் வேண்டாம் என்றால் அந்தப் பாத்திரம் பந்திக்குப் போகாது, தலைவர் சொன்னாலும் போகாது.

ஆள் பிரிப்பதிலும் ஒரு மாற்றம். "பசங்க மேசை தூக்கட்டும், பெரியவர்கள் உட்காரட்டும்" என்ற வழக்கத்தை விட்டுவிட்டோம். அதில் தூக்குகிறவர்களிடம் யாரும் யோசனை கேட்பதில்லை, உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வேலை கிடைப்பதில்லை, இரண்டு தரப்புக்குமே மனசு கஷ்டம். மண்டபச் சுவரில் வேலைத் தாள் ஒட்டியிருக்கிறது, படத்தையும் இங்கே போடுகிறேன். வரவேற்பு, செருப்பு வைக்கும் இடம், காய் நறுக்குவது, கணக்கு எழுதுவது, வண்டி நிறுத்தம், இலை போடுவது என்று வேலை மட்டும்தான் இருக்கிறது, யாருக்கு என்ன வயது, யார் எத்தனை வருஷம் கமிட்டியில் இருக்கிறார் என்பது இல்லை. முடிந்ததில் நீங்களே பெயர் எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர், அதில் ஒருவர் அதை முன்பு செய்தவராக இருந்தால் நல்லது. வண்டி நிறுத்தம் மட்டும் இன்னும் காலியாகக் கிடக்கிறது.

பெரட்டுக்குப் போகிறவர்கள் விடியற்காலை நாலரைக்கு எழ வேண்டும். அதனால் இரவு 9 மணிக்கு மேல் இந்தக் குழுவில் செய்தி வேண்டாம், நேற்று பத்தரைக்குப் போட்ட என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவசரம் என்றால் எனக்கோ தலைவருக்கோ நேரடியாக அழைக்கலாம். இங்கே யாரையும் பெயர் போட்டுக் கேட்க மாட்டேன், ரசீது விஷயம் எதுவாக இருந்தாலும் அழைத்துத்தான் பேசுவேன். இதில் எந்த வரி உறுத்தினாலும் என்னிடம் சொல்லிவிடுங்கள், திருத்துகிறேன்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு மண்டபம் திறந்திருக்கும். வேலைக்கு வருகிற எல்லாருக்கும் ஏழு மணிக்குப் பசியாற இட்லியும் தேநீரும் இருக்கிறது. வீட்டில் பெரிய தட்டு, மூடி இருப்பவர்கள் அடியில் பெயர் எழுதிக் கொண்டு வாருங்கள்.